வரியா, கோட்டாவா? ஒரு கிலோ ரப்பர் ஷீட்டின் கணக்கு

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் கடைகளில் காலையில் முதலில் கேட்கிற கேள்வி, "கோட்டயம் விலை என்ன?" என்பதுதான். ரப்பர் வாரியம் தினமும் வெளியிடும் விலைப்பட்டியலில் கோட்டயம் விலையோடு பாங்காக் விலையும் இருக்கும். நாலாம் தர ஷீட்டை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் இங்கே சின்னத் தோட்டக்காரர்களுக்கும் உண்டு. பாங்காக் சரிந்தால் கடையில் முகம் வாடும். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார்: "வெளியே இருந்து வாற ரப்பரை நிப்பாட்டினா போதும். இந்த வரி கிரி எல்லாம் எதுக்கு?"

இவ்வளவுக்கு மேல் வராமல் நிறுத்துவதும் வரி போடுவதும் ஒன்றா? சாதாரண நாளில் ஏறக்குறைய ஒன்றுதான். ஏதாவது மாறுகிற நாளில்தான் இரண்டும் பிரியும். அதற்கு ஒரு சின்னச் சந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் எல்லாம் நான் போட்டவை.

வெளிநாட்டு ரப்பர் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது கிலோ 100 ரூபாய். அந்த விலையில் நம் விவசாயிகள் மாதம் 80 டன் தருகிறார்கள், ஆலைகள் 140 டன் கேட்கின்றன. குறைகிற 60 டன் இறக்குமதி. விலை ஒரு ரூபாய் ஏறினால் உள்ளூர் வரத்து ஒரு டன் கூடும், ஆலைகள் கேட்பது ஒரு டன் குறையும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கிலோவுக்கு 20 ரூபாய் வரி. உள்ளூர் விலை 120 ஆகும். உள்ளூர் வரத்து 100 டன், தேவை 120 டன், இறக்குமதி 20 டன். அரசுக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

வரியே வேண்டாம், மாதம் 20 டன்னுக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்று கோட்டா போட்டால்? விலை ஏறி ஏறி, வரத்தும் தேவையும் 20 டன் இடைவெளிக்கு வரும் இடத்தில் நிற்கும். அதுவும் அதே 120 ரூபாய்தான். விவசாயிக்கும் ஆலைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அந்த 4 லட்சம் எங்கே போனது என்று பாருங்கள். 100 ரூபாய்க்கு வாங்கி 120-க்கு விற்கிற பாக்கியம், இறக்குமதி உரிமம் கையில் வைத்திருப்பவருக்கு. உரிமத்தை அரசு ஏலம் விட்டால் பணம் கஜானாவுக்குத் திரும்பும். சும்மா கொடுத்தால், அந்தக் காகிதத்தைப் பிடிக்கவே ஆட்கள் செலவழிக்கத் தொடங்குவார்கள். ஆன் க்ரூகர் என்ற பொருளியலாளர் 1974-இல் இந்தியாவை வைத்தே இதைக் கணக்கிட்டார். 1964-இல் இப்படிக் கட்டுப்பாடுகளால் உண்டான ஆதாயம் நாட்டு வருமானத்தில் 7.3 சதவீதம் என்றார். அதில் பெரும்பங்கு இறக்குமதி உரிமங்களுடையது.

சரி, மழைக்கு வருவோம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோடு தவறி மரத்தில் வழியும், சிரட்டையில் விழுந்ததும் தண்ணீரோடு போகும். நம் கற்பனைச் சந்தையில் எந்த விலையிலும் வரத்து 20 டன் குறைகிறது என்று கொள்வோம்.

வரி இருந்தால் விலை 120-ஐத் தாண்டாது. ஏனென்றால் 100 ரூபாய் ரப்பர் 20 ரூபாய் வரி கட்டிவிட்டு எத்தனை டன் வேண்டுமானாலும் வரலாம். விவசாயிகளிடம் 80 டன்தான் இருக்கும். 120 ரூபாய் வீதம் 96 லட்சம். மழை இல்லாத மாதத்தில் 1 கோடியே 20 லட்சம் வந்திருக்கும்.

கோட்டா இருந்தால் வெளியிலிருந்து 20 டன்னுக்கு மேல் வர வழியில்லை. ஆகவே விலை 130 வரை ஏறும். அந்த விலையில் வரத்து 90 டன், வருமானம் 1 கோடியே 17 லட்சம். மழை பறித்ததில் பெரும்பகுதியை விலை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கொடுப்பது யார்? கூடுதல் விலைக்கு வாங்குகிற ஆலை. டயர் வாங்குகிறவர்.

அடுத்தது பாங்காக் சரிவு. வெளிநாட்டு விலை 100-லிருந்து 80 ஆகிறது, மழை இல்லை. வரியில் உள்ளூர் விலை 100 ஆகும், இறக்குமதி பழைய 60 டன்னுக்கே போய்விடும். சரிவு அப்படியே தோட்டத்துக்குள் வந்துவிட்டது. கோட்டாவில் விலை அதே 120. பாங்காக்கில் என்ன நடந்தாலும் இங்கே தெரியாது. ஆனால் உரிமதாரர் கிலோவுக்கு 40 ரூபாய் பார்ப்பார், 20 டன்னுக்கு 8 லட்சம். உள்ளூர்க்காரருக்கு ஒரு பைசா கூடவில்லை, உரிமதாரர் லாபம் மட்டும் இரட்டிப்பு.

பெரியவர் கோட்டாவை விரும்புவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? ஆனால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. அளவுக் கட்டுப்பாடுகளை உலக வர்த்தக விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. இந்தியா வழக்கில் தோற்றபின், மிச்சமிருந்த 715 பொருள்களின் கட்டுப்பாட்டை 2001 ஏப்ரலில் நீக்கியது. வரிக்கும் உச்சவரம்பு உண்டு. உலர் ரப்பருக்கு இந்தியா ஒப்புக்கொண்ட வரம்பு 25 சதவீதம்.

2015-இல் வந்த வரி விதியில்தான் சுவாரசியம். இயற்கை ரப்பர் ஷீட்டுக்கு 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 25 சதவீதம் 30 ரூபாயாக வருவது 120 ரூபாய் விலையில். அதற்கு மேலே எவ்வளவு ஏறினாலும் வரி 30 ரூபாய்தான். 200 ரூபாய் ரப்பருக்கு அது 15 சதவீதம். விலை 120-க்குக் கீழே இறங்கினால் வரியும் சேர்ந்து இறங்கும்.

120 ரூபாய் ரப்பருக்கு 30 வரி சேர்த்தால் இங்கே 150. அதே ரப்பர் 80 ஆனால் வரி 20, இங்கே 100. வெளியே சரிந்தது 40, இங்கே சரிந்தது 50. கோட்டாவைவிட வரி சரிவை உள்ளே விடும் என்று பார்த்தோம். சதவீத வரி இன்னும் ஒரு படி போய், அதைப் பெரிதாக்கியே விடுகிறது. காப்பு வேண்டிய நேரத்தில் காப்பு மெலிகிறது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ரசாயனம் கலந்த கலவை ரப்பருக்கு வரி வெறும் 10 சதவீதமாக இருந்தது. ஷீட்டாக வந்தால் 25, கலந்து வந்தால் 10 என்றால் எந்த வழியாக வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 பட்ஜெட்டில்தான் அதையும் ஷீட்டுக்குச் சமமாக்கினார்கள்.

அப்புறம், கோட்டயம் விலையையும் பாங்காக் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பல் கூலியைக் கழித்தபின் இடைவெளி வரியின் அளவிலேயே நின்றால், அங்கே விலையைப் பிடித்திருப்பது வரி. பாங்காக் சரிந்த பின்னும் கோட்டயம் அசையாமல் இடைவெளி அகன்றுகொண்டே போனால், எங்கோ அளவு தடைபடுகிறது என்று பொருள். அந்த அகலத்தை யாரோ ஒருவர் பைக்குள் போட்டுக்கொண்டிருப்பார். கோட்டயம் பாங்காக்குக்கும் கீழே போகிற நாள்களும் உண்டு. அன்று இறக்குமதி செய்வதே கட்டுப்படியாகாது, வரியைக் கூட்டினாலும் கடைப்பலகையில் ஒரு ரூபாயும் மாறாது.