90 சதவீதம் செய்தால் 90 சதவீத போனஸ் வராது

ஒக்டோபர் நடுப்பகுதியில், காலாண்டு போனஸ் வங்கியில் விழுந்த மறுநாள், லீசிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு தம்பி என் மேசைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் மனிதவளப் பொறுப்பில் நான் இருந்த காலம் அது. "அக்கா, 18 ஆயிரம் குறையுது. ஆரோ பிழையா அடிச்சிருக்கினம்" என்று கொப்பியை நீட்டினார். கணக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் விதி அப்படி இல்லை.

முழு இலக்கையும் எட்டினால் அவருக்கு 60,000 ரூபா. அதில் புது லீசிங்குக்கு 50 சதவீத வெயிட்டேஜ், தவணை அறவீட்டுக்கு 30, ஆவணங்களை ஒழுங்காக முடிப்பதற்கு 20. காசாகப் பிரித்தால் 30,000, 18,000, 12,000. அவர் லீசிங்கில் 90 சதவீதம் செய்திருந்தார், அறவீட்டில் 76, ஆவணங்களில் 100. ஒவ்வொன்றையும் அப்படியே பெருக்கி 27,000, 13,680, 12,000 என்று போட்டு, மொத்தம் 52,680 என எழுதி வைத்திருந்தார். கைக்கு வந்தது 34,500.

அவர் கையெழுத்து வைத்த ஆங்கிலக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை இருந்தது. 80 சதவீதத்துக்குக் கீழே எதுவும் இல்லை. 80ஐத் தொட்டால் அந்தப் பங்கில் பாதி. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இரண்டரை சதவீதம் ஏறி, 100இல் முழுப்பங்கு. அதாவது, செய்த வேலையின் அளவு வேறு, அதற்குக் கிடைக்கும் காசின் அளவு வேறு. லீசிங்கில் 90 என்றால் பங்கில் 75 சதவீதம், 22,500. அறவீடு 76இல் நின்றதால் பூச்சியம். ஆவணத்துக்கு முழு 12,000. கூட்டிப் பார்த்தால் 34,500.

வெயிட்டேஜ் 30 என்றால் அதில் கொஞ்சமாவது தனக்குரியது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கும் காசின் அளவு மட்டும். கதவைத் திறப்பது அந்த 80.

தம்பியின் அறவீட்டு இலக்கு 50 இலட்சம். அவர் சேர்த்தது 38 இலட்சம். இன்னும் 2 இலட்சம் வந்திருந்தால் 80ஐத் தொட்டிருப்பார், 9,000 ரூபா கூடியிருக்கும். ஆனால் செப்டெம்பர் கடைசி இரண்டு கிழமையும் அவர் புது லீசிங் தேடிச் சுன்னாகத்துக்கும் கொடிகாமத்துக்கும் ஓடியிருக்கிறார். அவருடைய லீசிங் இலக்கு ஒரு கோடி. மிச்ச 10 இலட்சத்தையும் முடித்து 100ஐ எட்டியிருந்தாலும் கூடியிருப்பது 7,500தான். இதைக் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதை ஓகஸ்டிலேயே ஆராவது சொல்லியிருக்கலாம்" என்றார். அது சரியான குறை. சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்தான்.

இதற்கு மேலே கிளை நிபந்தனை ஒன்றும் இருந்தது. கிளையின் நிலுவை வரம்பைத் தாண்டினால் எல்லோருடைய போனஸும் பாதி. அந்த முறை கிளை தப்பியது. தப்பாவிட்டால் 34,500 அப்படியே 17,250 ஆகியிருக்கும். இந்த வகை நிபந்தனை கடைசியில் மொத்தத்தையும் பாதியாக்கிவிடும் என்பதால், தனியாள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. ஆகவே முதலில் சொல்ல வேண்டியதே அதுதான் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு நான் விளக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். "விளங்கிச்சுதோ?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்று தலையாட்டுவார்கள், அதை நம்பக்கூடாது. காலாண்டின் முதல் கிழமையிலேயே ஒரு தாளில் தமிழில் மூன்று கற்பனை ஊழியர்களின் எண்களைக் கொடுத்து, அவர்களையே போனஸைக் கணக்கிடச் சொல்வேன். ஒருவர் எல்லாவற்றிலும் 85, ஒருவர் ஒன்றில் 79, மூன்றாமவர் 100, ஆனால் கிளை தவறிவிட்டது. இரண்டாவது ஆளில்தான் அதிகம் பேர் பிழை விடுவார்கள். அந்த இடத்தில் நின்று பேசினால் போதும். நடுக் காலாண்டில் அவரவர் எண்ணைப் போட்டு அதே தாளை மறுபடியும் கொடுப்பேன். காசு எங்கே நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஊழியராக இருப்பவர்கள் கையெழுத்து வைக்க முன்னர் மூன்றைக் கேளுங்கள். காலாண்டு நடுவில் இலக்கை மாற்ற முடியுமா? காசு தரும் நாளில் வேலையில் இருக்க வேண்டுமா, அல்லது காலாண்டு முடியும் வரை இருந்தால் போதுமா? 30ஆம் திகதி வாங்கிய காசோலை 3ஆம் திகதி மாறினால் அது எந்தக் காலாண்டுக் கணக்கில் சேரும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.