பிளானில் மரம் இருக்கிறது, மட்டம் எங்கே?

கிளிநொச்சிப் பக்கம் வீடு கட்டி முடித்தவர்கள் முற்றத்துக்கென்று கீறுவித்துக் கொண்டுவரும் பிளான்களில் பச்சை வட்டங்களுக்குக் குறைவில்லை. மட்டம் மட்டும் ஒன்றும் எழுதியிருக்காது. நம் நிலம் பார்வைக்குத் தட்டை. எது மேடு, எது பள்ளம் என்று கார்த்திகை மழைதான் காட்டும். அதற்குள் கல் பதித்து முடிந்திருக்கும்.

அப்படியொரு வளவு. விறாந்தையிலிருந்து கேற் வரை 12 மீற்றர், 3 மீற்றர் அகலத்துக்கு இன்ரலொக் கல். கேற்றடி மூலையில் பப்பாசியும் முருங்கையும். "தண்ணி ரோட்டுக்குத்தானே ஓடும்" என்றார் வீட்டுக்கார அண்ணை. தண்ணி ரியூப் பிடித்துப் பார்த்தோம். விறாந்தைத் தளத்தை 10.00 மீற்றர் என்று வைத்தோம் (சைபர் என்று வைத்தால் கழித்தல் குறிகள் வந்து மேசன் குழம்பிப் போவார்). ரோட்டு ஓரம் 9.75.

25 சென்ரிமீற்றர் இறக்கம் தாராளம் போலத் தெரியும். ஆனால் கல் தளம் வீட்டுத் தளத்திலிருந்து 15 சென்ரிமீற்றராவது கீழே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் ஈரம் ஏறும். ஆக, தொடக்கம் 9.85. மிச்சம் 10 சென்ரிமீற்றர், அதை 12 மீற்றருக்குப் பங்கிட வேண்டும். கல் கொஞ்சம் அமிழ்ந்தாலே அந்தச் சாய்வு போய்விடும், தண்ணீர் குட்டையாக நிற்கும். 60 சென்ரிமீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் இறங்கினால்தான் நம்பலாம். அப்படி இறக்கினாலோ கேற்றடி 9.65 ஆகிவிடும், ரோட்டுத் தண்ணீரும் உள்ளே வரும். ரோட்டைத் திருத்தும்போதெல்லாம் மேலே இன்னொரு படை ஏறுவதையும் மறக்கக் கூடாது.

அதனால் வீட்டிலிருந்து 9 மீற்றர் தூரத்துக்கு இறக்கி 9.70க்குக் கொண்டுவந்தோம். அங்கிருந்து கேற் வரை மிச்ச 3 மீற்றர் தூரமும் ஏற்றம். நடுவில் வரும் பள்ளக் கோட்டைக் கிணறு இல்லாத பக்கமாக இன்னும் 5 சென்ரிமீற்றர் சாய்த்து, தண்ணீரை ஒரு பாத்திக்குள் விட்டோம். பாத்தி மண் 9.55. அது நிரம்பினால் வேலியோரப் பழைய வாய்க்காலுக்கு வழிய 9.62இல் ஒரு வாய்.

மட்டம் மாறியதும் செடியும் மாறியது. பப்பாசிக்கு வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போதும், இலை வாடி அடி அழுகும். முருங்கையும் அந்தச் சாதிதான். இரண்டும் குசினிப் பின்புறம், 9.80 மேட்டுக்குப் போயின. பாத்தியில் கல்வாழையும் ஓரத்தில் வெட்டிவேரும். இவை ஈரத்தையும் தாங்கும், ஆடி வெயிலையும் ஓரளவு தாங்கும்.

வட்டங்களும் சரியில்லை. 1:100 பிளானில் 1 சென்ரிமீற்றர் என்றால் 1 மீற்றர். வட்டம் மரம் வளர்ந்த பின் வரும் விரிவைக் காட்ட வேண்டும். மாமரத்தை 3 சென்ரிமீற்றரில் கீறியிருந்தார்கள். 8 என்று திருத்தியதும் வட்டம் மலக்குழிக்கு மேலே போய் நின்றது. மரத்தை நகர்த்தினோம்.

கடைசியாக நடுகை அட்டவணை. பெயர், எண்ணிக்கை, இடைவெளி, கன்றின் உயரம் எல்லோரும் போடுவதுதான். நான் இரண்டு நிரல் கூட்டுவேன்: நடும் இடத்து மட்டம், நடும் மாதம். 6 மீற்றர் பாத்தியில் அரை மீற்றர் இடைவெளியில் இரண்டு வரிசை என்றால் கல்வாழை 24. பிளானில் உள்ள குறிகளை எண்ணினாலும் 24 வர வேண்டும். மாதம் புரட்டாதி. மழை இறுகுமுன் வேர் பிடிக்காவிட்டால் முதல் வெள்ளத்தோடு கன்று மிதந்துவிடும்.