மலத்தில் தெரியும் மக்காச்சோளம் செரிக்கவில்லையா?

மக்காச்சோளம் சாப்பிட்ட ஓரிரு நாளில் மலத்தில் மஞ்சள் மணிகள் அப்படியே தெரியும். வயிறு வேலை செய்யவில்லையோ என்று பலர் பயந்துபோகிறார்கள். ஆனால் அங்கே தெரிவது பெரும்பாலும் முழு மணி இல்லை, மணியின் தோல்தான்.

மணிக்குள் இருக்கும் மாவுச்சத்தும் சரி, தோலில் இருக்கும் செல்லுலோஸும் சரி, இரண்டுமே குளுக்கோஸைக் கோத்து உருவான சங்கிலிகள். கோத்திருக்கும் விதம்தான் வேறு. உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் இணைப்பை மட்டுமே வெட்டும். செல்லுலோஸின் இணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் சுரப்பதே இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்களில் சிலவற்றிடம் அது உண்டு. அதனால்தான் பல காய்கறிகளின் மென்மையான நார் அங்கே ஓரளவு நொதித்துக் கரைந்துவிடுகிறது. மக்காச்சோளத் தோலில் நார் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் பாக்டீரியாக்களும் அதை எளிதில் உடைக்க முடியாது.

ஒரே கவளத்தில் இரண்டு மணிகள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பல்லில் மாட்டி உடைகிறது. அதன் மாவைச் சிறுகுடல் எடுத்துக்கொள்கிறது, தோல் மட்டும் மிச்சம். இன்னொன்று கடிபடாமல் வழுக்கி உள்ளே போகிறது. இரைப்பை உணவை ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாக அரைத்துத்தான் சிறுகுடலுக்கு அனுப்பும். அரைபடாத பெரிய துண்டுகள் காத்திருக்கும். சாப்பாடு முழுக்க இறங்கிய பிறகு, வெறும் வயிற்றில் எழும் பலமான சுருக்க அலை அவற்றைப் பெருக்கித் தள்ளிவிடும். கடிபடாத மணி இப்படித்தான் மாவோடு சேர்ந்தே வெளியே வருகிறது. நஷ்டம் அந்த ஒரு மணியின் சத்துதான். அடுத்த முறை நன்றாக மென்றால் அதுவும் மிச்சம்.

தக்காளித் தோல், எள், கொய்யா விதை எல்லாம் இதே கதைதான். பல பழங்களின் விதைகள் விலங்குகளின் குடலைக் கடந்து வேறிடத்தில் முளைப்பதற்கென்றே கெட்டியான உறை கொண்டவை. சுருண்ட தக்காளித் தோலையும் நீளமான நாரையும் புழு என்று நினைத்துக் கலங்குபவர்களும் உண்டு. புழு அசையும், நார் அசையாது. ஆனால் வெளியே வந்த புழு செத்தும் கிடக்கலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் மலப் பரிசோதனை செய்துகொள்வதே சரி.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? தோலையும் விதையையும் விட்டுவிட்டு மற்றதைக் கவனியுங்கள். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்தோடு தொடர்ந்து போனால் கொழுப்பு செரிக்கவில்லை என்று பொருள். கணையத்திலோ பித்தத்திலோ சிறுகுடலிலோ கோளாறு இருக்கலாம். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, காரணமின்றி எடை குறைவது, ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தமோ கறுப்பு மலமோ என்றால் அன்றே போவது நல்லது.