நிலுவை ஆணையும் இழந்த விற்பனையும்: இரண்டு சொற்கள், இரண்டு கணக்குகள்

கடையில் ஒரு பொருள் தீர்ந்திருக்கும்போது வாடிக்கையாளர் வந்து கேட்கிறார். “வந்ததும் கொடுங்க” என்று காத்திருந்தால் சரக்குக் கணக்கில் அது பேக்ஆர்டர். “சரி, வேற கடையில பாத்துக்கறேன்” என்று போய்விட்டால் லாஸ்ட் சேல்ஸ். அடுத்து எப்போது சரக்குக்குச் சொல்லவேண்டும் என்ற கணக்கில் இவற்றுள் எதை எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து விடையும் மாறும்.

முதலில் பேக்ஆர்டர். இதில் உள்ள ‘பேக்’ முதுகையோ பின்புறத்தையோ குறிக்கவில்லை. கொடுக்கவேண்டிய நாள் கடந்தும் கொடுபடாதது என்று அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பொருள் உண்டு. பழைய வாடகைப் பாக்கியையும் சம்பளப் பாக்கியையும் இதே ‘பேக்’ சேர்த்துத்தான் சொல்வார்கள். இதோடு மாறி மாறி வரும் பேக்லாக் என்ற சொல் குளிர்நாட்டு அடுப்பிலிருந்து வந்தது. கணப்பின் பின்புறம் போட்டுவைக்கும் பெரிய கட்டைக்கு அந்தப் பெயர். பிறகு கையிருப்பு என்றாகி, அதன்பின் முடிக்காமல் சேர்ந்துகிடக்கும் வேலை என்றானது. நம் பொறியியல் கல்லூரிகளில் அதை ‘அரியர்’ என்கிறோம்.

ஆகவே ‘பின் ஆணை’ என்ற மொழிபெயர்ப்பு சரிப்படாது. சரியான சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: நிலுவை. வழக்கு நிலுவையில் உள்ளது, வரி நிலுவையில் உள்ளது என்று நாள்தோறும் எழுதுகிறோம். ‘நில்’ என்ற வேரின் சொல் இது. பக்கத்துத் தெலுங்கில் ‘நில்வ’ என்றால் சேமித்துவைத்த சரக்கு என்றே பொருள். ஒரே வேர் அங்கே இருப்பையும் இங்கே பாக்கியையும் சுட்டுவது வேடிக்கைதான். ‘பாக்கி’ அரபியிலிருந்து வந்தது. பேச்சில் தாராளமாகச் சொல்லலாம், எழுத்தில் ‘நிலுவை ஆணை’ நன்றாக உட்காரும்.

லாஸ்ட் சேல்ஸுக்கு ‘விற்பனை இழப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். விற்றதில் நட்டம் என்று படித்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. இங்கே விற்பனையே நடக்கவில்லை. அதனால் ‘இழந்த விற்பனை’ என்பதுதான் பொருத்தம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லீட் டைமை ‘முன்னணி நேரம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. யார் யாருக்கு முன்னணி என்று கேட்கத் தோன்றுகிறது. ‘சரக்கு வந்துசேரும் காலம்’ என்று நேராகச் சொல்லிவிடலாம். ரீஆர்டர் லெவல் என்பது ‘மறு ஆணை மட்டம்’. இருப்பு இந்த அளவுக்கு இறங்கினால் அடுத்த ஆர்டர் போடவேண்டும்.

இனிக் கணக்கு. மோட்டார் பம்புக்கான உதிரிபாகக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருள், தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல். ஆண்டுக்கு 1,200 போகிறது. ஒரு தடவை 200 வாங்குகிறார்கள், அதாவது ஆண்டுக்கு 6 ஆர்டர். சொன்னபிறகு சரக்கு வர 15 நாள். அந்த 15 நாளில் சராசரியாக 50 விற்கும், ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கம் 15. ஒரு சீலை ஓராண்டு அலமாரியில் வைத்திருக்க 40 ரூபாய் செலவு. இதில் போட்ட பணத்துக்கான வட்டிதான் பெரும்பகுதி.

மட்டத்தை ஒன்று கூட்டினால் என்ன ஆகும்? ஆண்டு முழுக்க ஒரு சீல் கூடுதலாக அலமாரியில் இருக்கும், செலவு 40 ரூபாய். பதிலுக்கு, ஆண்டின் 6 சுற்றுகளில் எந்தச் சுற்றில் சரக்கு தீர்ந்துபோகிறதோ அதில் ஒரு தட்டுப்பாடு குறையும். இரண்டும் சமமாகும் இடத்தில்தான் மட்டத்தை நிறுத்தவேண்டும். ஒரு சுற்றில் சரக்கு தீர்ந்துபோகும் வாய்ப்பு P, கேட்கும்போது ஒரு சீல் இல்லாமல்போனால் ஆகும் நட்டம் p, ஆண்டுத் தேவை D, ஒரு தடவை வாங்கும் அளவு Q, வைத்திருக்கும் செலவு h என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது இது:

```
நிலுவை ஆணை:       P = hQ / (pD)
இழந்த விற்பனை:    P = hQ / (pD + hQ)
```

இரண்டாவது சூத்திரத்தின் அடியில் ஒரு hQ கூடுதலாக இருக்கிறது. அது எப்படி வந்தது? நிலுவை முறையில் 12 பேர் காத்திருக்கும்போது 200 சீல் வந்து இறங்கினால் 12 உடனே போய்விடும், அலமாரிக்கு 188. கூடுதலாக ஒரு சீல் வைத்திருந்தால் காத்திருப்பவர் 11 பேர், அலமாரிக்கு 189. அந்த ஒன்று எப்படியும் அடுத்த சுற்றுக்குக் கடந்துவிடுகிறது. இழந்த விற்பனையில் காத்திருப்பவர் யாரும் இல்லை, 200ம் அலமாரிக்குத்தான். கூடுதலாக வைத்த ஒன்று தட்டுப்பாட்டில் விற்றுவிட்டால் அதோடு கதை முடிந்தது, அடுத்த சுற்றில் அதற்கு வட்டி கட்டவேண்டியதில்லை. கூடுதல் சீலின் செலவு முழு 40 ரூபாயாக இல்லாமல், அது விற்காமல் தங்கும் வாய்ப்பின் அளவுக்குத்தான் வருகிறது. ஆகவே கொஞ்சம் அதிகமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது சூத்திரம்.

இரண்டிலும் p 50 ரூபாய் என்று போட்டுப் பார்ப்போம். நிலுவைக் கணக்கில் P 8,000 / 60,000, அதாவது 0.133. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் இதற்கு நேராக இருக்கும் 1.11-ஐத் திட்டவிலக்கம் 15-ஆல் பெருக்கி, சராசரி 50-ஓடு கூட்டினால் மட்டம் 67 வரும். இழந்த விற்பனைக் கணக்கில் 8,000 / 68,000, அதாவது 0.118. மட்டம் 68. இவ்வளவு பேசியதும் ஒரே ஒரு சீல் வித்தியாசத்துக்கா?

சூத்திரத்தால் வரும் வித்தியாசம் உண்மையிலேயே இவ்வளவுதான். பெரிய வித்தியாசம் p-க்குள் ஒளிந்திருக்கிறது. விற்பனை கைநழுவினால் அந்தச் சீலின் லாபம் 50 ரூபாய் மொத்தமாகப் போகிறது. நிலுவையில் லாபம் போகவில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவே. இரண்டு போன், தனியாக ஒரு பார்சல், கொஞ்சம் வசவு எல்லாம் சேர்த்து 15 ரூபாய் என்று வைப்போம். அப்போது P 8,000 / 18,000, அதாவது 0.444. மட்டம் 52-க்கு இறங்கிவிடும். ஒரே பொருளுக்கு ஒரே தேவை இருந்தும் சராசரிக்கு மேல் வைக்கும் பாதுகாப்பு இருப்பு ஒரு கணக்கில் 2, மற்றதில் 18. சீல் வாங்க வந்தவர் கூடவே கேஸ்கெட்டும் வாங்குவார், அந்த லாபமும் போகிறது என்று சேர்த்து p-ஐ 90 ஆக்கினால் மட்டம் 72-க்குப் போகும்.

நிலுவைச் சூத்திரத்தில் ஒரு வினோதமும் உண்டு. p 5 ரூபாய்தான் என்றால் P 8,000 / 6,000, அதாவது 1.33. வாய்ப்பு ஒன்றைத் தாண்டாது. இப்படி வந்தால் சூத்திரம் கெட்டுவிட்டதென்று நினைக்கவேண்டாம். அலமாரியில் வைத்திருப்பதைவிட ஆட்களைக் காக்கவைப்பதே மலிவு என்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம், நீங்கள் p-ஐக் குறைத்து மதிப்பிட்டிருக்கவும் செய்யலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது என் கருத்து. இழந்த விற்பனைச் சூத்திரம் இப்படி எச்சரிக்காது, எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒன்றுக்குக் குறைவாகவே விடை தரும்.

மட்டத்தை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் மாறும். நிலுவை முறையில் கையிருப்போடு வரவேண்டிய சரக்கைக் கூட்டி, கொடுக்கவேண்டிய நிலுவையைக் கழிக்கவேண்டும். டேலியில் `Reorder Status` அறிக்கை இப்படித்தான் `Nett Available` கணக்கிடுகிறது, விற்பனை ஆர்டரில் இன்னும் கொடுக்காததைக் கழித்துக்காட்டும். பதிவான ஆர்டர் இருந்தால் அது சரி. கவுன்டரில் கேட்டுவிட்டுப் போனவர் அங்கே எந்தக் கட்டத்திலும் வரமாட்டார்.

எனக்குப் பெரிய தொல்லையாகத் தோன்றுவது இதுதான். நிலுவை வாடிக்கையாளரின் தேவை தாமதமாகவேனும் பில்லில் ஏறிவிடும். போய்விட்டவரின் தேவை எங்கும் ஏறாது. ஒரு மாதத்தில் 6 நாள் சீல் இல்லை, மொத்தம் 80 விற்றது. 80-ஐ 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 2.67, 15 நாளுக்கு 40. சரக்கு இருந்த 24 நாளால் வகுத்தால் நாளுக்கு 3.33, 15 நாளுக்கு 50. முதல் எண்ணை நம்பி மட்டத்தைக் குறைத்தால் அடுத்த மாதம் இன்னும் சில நாள் அலமாரி காலியாகும், விற்பனை இன்னும் குறையும், மட்டம் மறுபடி இறங்கும். அறிக்கையில் ‘இந்த ஐட்டம் மூவ் ஆகல’ என்று இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, இருப்பு பூஜ்யமாக இருந்த நாட்களைப் பொருள்வாரியாக எண்ணிப் பார்ப்பது. விற்பனை குறைந்த மாதமும் காலி நாள் கூடிய மாதமும் ஒன்றாக இருந்தால் குறைந்தது தேவை அல்ல.

இன்னொரு வரம்பும் சொல்லவேண்டும். மேலே உள்ள இழந்த விற்பனைச் சூத்திரம், ஒரு நேரத்தில் ஒரே ஆர்டர்தான் வழியில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. 200 சீல் 60 நாளைக்கு வரும், சரக்கு வர 15 நாள்தான், ஆகவே நமக்குப் பொருந்தும். கப்பலில் வர 3 மாதம் ஆகும் பொருளாக இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆர்டர் ஒரே நேரத்தில் வழியில் இருக்கலாம். நிலுவைக் கணக்கு அப்போதும் எளிதாகவே இருக்கும், கூட்டிக் கழித்த ஒற்றை எண் போதும். இழந்த விற்பனையில் ஒற்றை எண் போதாது, எந்த ஆர்டர் எப்போது வந்துசேரும் என்ற முழு விவரமும் வேண்டும். சாமுவேல் கார்லினும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் 1958-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். மென்பொருள்கள் பலவற்றில் நிலுவை அனுமானமே இருப்பதற்கு அது எளிது என்பதும் ஒரு காரணம்.

ஆனால் கடைக்கு வருபவர் அப்படி நடந்துகொள்வதில்லை. க்ரூயன், கார்ஸ்டன், பரத்வாஜ் மூவரும் 2002-ல் பல நாடுகளின் சில்லறைக் கடைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். தேடிய பொருள் இல்லையென்றால் வாங்குவதைத் தள்ளிப்போட்டவர்கள் 15 சதவீதம்தான். 31 சதவீதம் பேர் வேறு கடைக்குப் போனார்கள், 26 சதவீதம் வேறு பிராண்டையும் 19 சதவீதம் அதே பிராண்டில் வேறொன்றையும் எடுத்தார்கள், 9 சதவீதம் வாங்கவே இல்லை. இதையே இரண்டு பேர் கணக்கில் பாருங்கள். கடைக்கு இழந்த விற்பனை 31-ம் 9-ம் சேர்ந்த 40. தயாரிப்பவருக்கு வேறு கடைக்குப் போனவர் இழப்பில்லை, அவர் இழந்தது 26-ம் 9-ம் சேர்ந்த 35.

நம் சீல் கடையிலும் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். மாதக் கணக்கு வைத்திருக்கும் பம்பு ஒர்க்‌ஷாப் காத்திருக்கும். தோட்டத்தில் மோட்டார் நின்றுபோன விவசாயி அரைமணி நேரம்கூடக் காத்திருக்கமாட்டார். பாதிக்குப் பாதி என்றால் p-ஐ 50-க்கும் 15-க்கும் நடுவில் எடுப்பது முதல் மதிப்பீட்டுக்குப் போதும். அந்தப் பாதி சரிதானா என்று தெரிந்துகொள்ள, கவுன்டரில் ஒரு நோட்டு வைத்து, இல்லையென்று சொன்ன ஒவ்வொரு முறையும் பொருளின் பெயரையும், வந்தவர் நம்பர் கொடுத்துவிட்டுப் போனாரா சும்மா போனாரா என்பதையும் குறித்துவைக்கவேண்டும்.