காய்ந்த பசை கரையாது, ஊறும்

எங்கள் சலவை நிலையத்துக்குப் பசை ஒட்டிய துணியைக் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு மேல அயர்ன் வெச்சீங்களா?" பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். சூடு பட்டால் பசை இளகி வந்துவிடும் என்று நினைத்துச் செய்திருப்பார்கள். இளகும், உண்மைதான். ஆனால் இளகிய பசை மேலே வராது, நூலுக்குள் இறங்கும்.

பிள்ளைகள் கைவேலைக்கு எடுக்கும் வெள்ளைப் பசை பெரும்பாலும் பாலிவினைல் அசிடேட் என்ற ஒரு வகை பிளாஸ்டிக். பாலில் கொழுப்பு மிதப்பதுபோல இதன் நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன, அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் வற்றியதும் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கண்ணாடி மாதிரி தெளிவான ஏடாகிவிடும். அந்த ஏட்டை மறுபடி தண்ணீரில் போட்டால் சர்க்கரை மாதிரி கரையாது. தண்ணீரை உறிஞ்சி, வெளுத்து, வழவழப்பாகி, நூலைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தும். அப்போதுதான் உரித்தெடுக்க முடியும். குழந்தைகளுக்கென்றே 'துவைத்தால் போய்விடும்' என்று எழுதி விற்கும் பசைகள் இன்னும் சுலபமாக விடும். ஆனால் அவற்றுக்கும் ஊற நேரம் வேண்டும்.

துணிப் பசை வேறு சாதி. லேஸ், பட்டை, கல் ஒட்டுவதற்கு விற்கும் நிரந்தர வகை, துவைத்தாலும் விடக்கூடாது என்றே தயாரிக்கப்படுகிறது. ஒன்றிரண்டு நாளில் முழுதாக இறுகிவிட்டால் வெறும் தண்ணீருக்கு அது மசியாது.

எந்தப் பசை என்று தெரியாவிட்டால் ஒரு சொட்டு தண்ணீர் போதும். கறையின் மேல் விட்டு, காயாமல் பத்து நிமிடம் வையுங்கள். பால் நிறமாகி, நகத்தால் அழுத்தினால் பதிந்தால் அது வெள்ளைப் பசை. அப்படியே தெளிவாக, ரப்பர் மாதிரி நின்றால் துணிப் பசை என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு அம்மா தன் மகளின் நீல நிறப் பருத்தி கவுனைக் கொண்டுவந்தார். கவுனின் கைப்பகுதியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறை, கீழே லேஸ் ஒட்டப்போய்ச் சிந்திய இன்னொரு கறை. ஒரு வாரம் ஆகியிருந்தது, அயர்னும் ஆகியிருந்தது. சொட்டு வைத்துப் பார்த்தோம். கைக்கறை வெளுத்தது, கீழே உள்ளது அசையவில்லை. ஒரே உடுப்பில் இரண்டு பசை.

கைப்பகுதியை மட்டும் சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தேன். எடுத்ததும் தேய்க்கவில்லை. ஊறிய பசையைத் தேய்த்தால் பக்கத்து நூல்களுக்குப் பரவும். துணியின் உள்பக்கம் மேலே வருமாறு திருப்பி, குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் விழவிட்டேன், வந்த வழியாகவே பசை வெளியேற வேண்டும் என்பதற்காக. அப்புறம் வெளிப்பக்கத்தைத் தட்டையாக விரித்து, மழுங்கிய கரண்டி விளிம்பால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தேன். மெல்லிய வெள்ளைத் தோல் மாதிரி உருண்டு வந்தது. மிச்சத்துக்குக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இருபது நிமிடம், பிறகு பழைய பல் பிரஷால் நூல் ஓடும் திசையில் மெதுவாகத் தேய்ப்பு. சூடு படாத கறை என்றால் ஒரு சுற்றில் முடிந்திருக்கும். இதற்கு மூன்று சுற்று ஆனது.

போய்விட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரத்துணியில் மிச்சப் பசை கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் வழுக்கும். நிழலில் காயவைத்த பிறகு அந்த இடம் விறைப்பாக இருந்தால் இன்னும் இருக்கிறது. அந்த விறைப்பு போகும் வரை அயர்னும் வேண்டாம், ட்ரையரும் வேண்டாம்.

கீழே இருந்த துணிப் பசைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் எடுத்தேன், மருந்துக்கடையில் கிடைப்பதுதான். முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். நீலச் சாயம் ஏறவில்லை. ஏறியிருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்பேன். கறைக்கு அடியில் மடித்த வெள்ளைத் துணியை வைத்து, உள்பக்கத்திலிருந்து ஆல்கஹாலை நனைய விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பசை உப்பி, பிசுபிசுப்பானதும் கரண்டியால் வழித்து, அடித்துணியைச் சுத்தமான பக்கத்துக்கு மாற்றினேன். அதை மாற்றாவிட்டால் எடுத்த பசை திரும்ப ஏறும். இப்படியே ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடைசியில் கறை தெரியவில்லை, ஆனால் தொட்டால் லேசான விறைப்பு இருந்தது. அதை மறைக்காமல் அந்த அம்மாவிடம் சொல்லித்தான் கொடுத்தேன். இறுகிய துணிப் பசையில் சில நேரம் அதற்கு மேல் போனால் துணிதான் நைந்துபோகும்.

வீட்டில் செய்கிறவர்கள் சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் எரியக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ப்ளீச்சை ஆல்கஹாலோடு சேர்க்காதீர்கள், நச்சுப் பொருள்கள் உண்டாகும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் பசையை வேகமாகக் கரைக்கும். ஆனால் அசிடேட் என்ற பளபளப்பான உள்துணி வகையையும் அதே வேகத்தில் கரைத்து ஓட்டை போட்டுவிடும். லேபிளில் துணி வகை தெரியாவிட்டால் அசிட்டோனைத் தொடவே வேண்டாம். ஜீன்ஸ் மாதிரி தடித்த துணியில் கட்டியாக நின்றால் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்த உடனே மடக்கினால் பசை வெடித்து உதிரும். மெல்லிய துணியில் இதைச் செய்தால் பசையோடு துணியும் கிழியலாம்.

மேசைக்கும் அதே ஊறல்தான், ஆனால் மேல்பூச்சைப் பார்த்து. மைக்கா ஒட்டிய மேசை என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பசை மேல் போட்டு கால் மணி நேரம் விட்டு, பழைய பிளாஸ்டிக் கார்டால் தாழ்வாகச் சாய்த்துத் தள்ளுங்கள். ஜிகினா கலந்த பசை என்றால் துடைக்காமல் தள்ளி எடுப்பது முக்கியம், ஜிகினாத் துகள் மேசையைக் கீறும். வழித்த பசைக் கட்டிகள் குப்பைக்குப் போகட்டும், தொட்டியில் கழுவிவிட்டால் குழாயில் போய்ச் சேரும்.

வார்னிஷ் அடித்த மரத்தில் ஈரத்துணியை ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், ஈரம் உள்ளே போய் வெண்தடம் விழும். பிழிந்த துணி, ஐந்து நிமிடம், வழித்து உலரத் துடைப்பு, வேண்டுமானால் மறுபடி. ஆல்கஹால் பல வகை மரப் பாலிஷையும் கரைக்கும் என்பதால் அது பக்கத்தில் வரக்கூடாது. பூச்சே இல்லாத மரத்தில் பசை துளைகளுக்குள் போயிருக்கும், மேலே உள்ளதை மட்டும்தான் வழிக்க முடியும். மிச்சத்தை உப்புத்தாளால் இழை ஓடும் திசையில் தேய்த்து எடுக்க வேண்டியதுதான்.