விடுமுறை வேலை: 14 முதல் 18 வயது வரை எத்தனை மணி நேரம்?

ஏப்ரல், மே விடுமுறை வந்தால் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் பள்ளிப் பிள்ளைகளையும் வேலைக்குக் கூப்பிடுவார்கள். 14 வயது முடிந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். ஆனால் 18 நிறையும்வரை அவர்களைப் பெரியவர்களின் ஷிப்டில் போட முடியாது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2016-இல் அதற்கு வந்த திருத்தமும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன.

பிளஸ் ஒன் முடித்த 16 வயது மாணவி ஜவுளிக்கடைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு வந்தால் 1 மணிக்கு அவளை விட்டுவிட வேண்டும். தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு. பிறகு 2 முதல் 4 வரை வேலை, அத்தோடு வீட்டுக்கு. ஓய்வும் காத்திருப்பும் சேர்த்தே ஒரு நாளுக்கு 6 மணி நேரம்தான். பெரும்பாலும் தப்பு நடப்பது இந்தக் கணக்கில்தான். சரக்கு வரவில்லை, சும்மா உட்கார் என்று சொன்ன நேரத்தையும் கழிக்க முடியாது. ஓவர்டைம் கிடையாது. அதே நாளில் சாயங்காலம் வேறொரு பேக்கரிக்குப் போகவும் வழியில்லை. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கட்டாயம்.

மாலை 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. நம் மாவட்டத்தில் இதைக் கவனிக்க வேண்டும்: ரப்பர் பால் வெட்டு விடியுமுன் தொடங்கும், தோவாளைப் பூச்சந்தையும் அப்படித்தான். பண்ணை வேலையும் இந்தச் சட்டத்துக்குள் வருவதால், அடுத்தவர் தோட்டத்தில் அந்த நேரத்துக் கூலி வேலைக்கு 16 வயதுப் பையனை அனுப்பக் கூடாது.

கல் குவாரி, செங்கல் சூளை, உப்பளம், பட்டாசு தயாரிப்பு அல்லது விற்பனை, பெட்ரோல் பங்க் ஆகியவை பகலிலும் தடை. பைக்கில் பார்சல் கொடுக்கும் வேலையும் வேண்டாம். கியர் உள்ள பைக்குக்கு 18 வயது நிறையாமல் லைசென்ஸ் கிடைக்காது. 14 நிறையாதவர்கள் பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத உதவி செய்யலாம். விசைப்படகு மீன்பிடிப்பு அதில் சேராது.

சேரும் நாளிலேயே கடைக்காரரிடம் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், வேலையின் தன்மை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வயதை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் நகல் போதும், அசலைக் கொடுக்காதீர்கள். சிலர் 18 என்று எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். அப்படி எழுதிவிட்டால் இரவு வேலையைத் தட்டிக்கேட்கும்போது அந்தப் பதிவே பிள்ளைக்கு எதிராக நிற்கும்.

தடை செய்த வேலையில் வைத்தால் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகாருக்கு 1098 என்ற எண்ணை அழைக்கலாம், pencil.gov.in தளத்திலும் பதியலாம். கடையின் பெயர், இடம், பிள்ளை வேலை பார்க்கும் நேரம் மூன்றையும் சொல்லுங்கள்.