ரெஃபரன்ஸ் கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

பழைய மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் நம்பரை ரெஃபரன்ஸாகக் கொடுத்து, போன மாதம் மறுபடியும் ஒரு பையன் வேலையைக் கோட்டை விட்டார். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஓசூரில் எச்.ஆர் வேலையில் இருக்கிறேன். ஆள் எடுப்பதும், எடுக்கும் முன் பழைய கம்பெனியில் விசாரிப்பதும்தான் என் அன்றாட வேலை. இந்தப் பையன் காவேரிப்பட்டணம் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் மூன்று வருடம் இருந்தவர். நேர்காணலில் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தோம். முதலில் ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளந்தார். அந்த ஒன்றிலேயே எங்கள் குவாலிட்டி மேனேஜருக்கு அவரைப் பிடித்துப்போனது.

ரெஃபரன்ஸ் என்று பழைய மேனேஜர் ஒருவரின் நம்பரை எழுதியிருந்தார். காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை தூக்கக் குரலில் எடுத்தார். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் படுத்திருக்கிறார், பாவம். பையன் பெயரைச் சொன்னேன். "யாருங்க? எந்த லைன்?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, இருந்தான். ஒன்றரை வருஷம் இருந்திருப்பான்" என்றார்.

பையன் எழுதியிருந்தது மூன்று வருடம். எங்கள் படிவத்தில் 'பணிக்காலம் பொருந்தவில்லை' என்று குறித்தாக வேண்டும். குறித்தேன்.

உண்மையில் யாரும் பொய் சொல்லவில்லை. 2021 ஜூலையில் சேர்ந்து 2024 ஜூனில் வெளியே வந்திருக்கிறார். அதில் முதல் பதினெட்டு மாதம் காண்ட்ராக்டர் ரோலில், மீதி கம்பெனி ரோலில். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இது சாதாரணம். அந்த மேனேஜருக்கு, கம்பெனி ரோலுக்கு வந்த பிறகுதான் இவர் முகம் மனதில் பதிந்திருக்கிறது. பி.எஃப் கணக்கின் பணி வரலாற்றையும் சம்பளச் சீட்டுகளையும் வாங்கிப் பார்த்து நான் தெளிவதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது. லைனுக்கு ஆள் அவசரம். பட்டியலில் அடுத்தவரை எடுத்துவிட்டார்கள்.

"நம்பர் கொடுக்கறதுக்கு முன்னாடி சார்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க மேடம். அவருக்கு என்னை நல்லாத் தெரியும். கேட்டா ஏதாச்சும் நினைச்சுக்குவாரு."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 'கேட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்' என்ற தயக்கம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ரெஃபரன்ஸ் என்றால் சிபாரிசு என்று நினைப்பதிலிருந்து. சிபாரிசு கேட்பது கையேந்துவது மாதிரி, அதனால் கூச்சம். இதே எண்ணத்தில்தான் சிலர் பழைய மேனேஜரை விட்டுவிட்டு வார்டு கவுன்சிலர், சித்தப்பாவுக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர், கல்லூரித் தாளாளர் என்று பெரிய ஆட்களின் பெயரை எழுதித் தருகிறார்கள். எனக்கு அவர்களால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் உங்களை வேலை செய்து பார்த்ததே இல்லையே.

ரெஃபரன்ஸ் என்பது சாட்சி. நான் கேட்கும் கேள்விகள் அநேகமாக இவ்வளவுதான்: எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தார், என்ன பதவி, உங்களுக்குக் கீழேதான் வேலை பார்த்தாரா, ஏன் போனார், எதில் கெட்டிக்காரர், எதில் இன்னும் தேற வேண்டும், மறுபடி வந்தால் எடுத்துக்கொள்வீர்களா. யாரையும் புகழச் சொல்லி நான் கேட்பதில்லை. 'ரொம்ப நல்ல பையன்' என்று பத்து முறை சொன்னாலும் படிவத்தில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்காது. 'ரிஜெக்ஷன் அதிகமாக இருந்த ஒரு பாகத்துக்கு இவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்' என்று ஒரே ஒரு வரி சொன்னால் அது நிற்கும். அப்படிச் சொல்ல அவருக்கு ஞாபகம் வர வேண்டும். நூறு பேரை மேய்க்கும் மனிதருக்கு, இரண்டு வருடம் கழித்து, தூக்கத்தில் வந்த அழைப்பில் எப்படி ஞாபகம் வரும்? நீங்கள் அனுப்பும் செய்தி அனுமதி கேட்பதற்கு மட்டும் அல்ல, அவருக்கு ஞாபகப்படுத்தவும்தான்.

சரி, எப்படி எழுதுவது? அந்தப் பையனை உட்கார வைத்து எழுதச் சொன்னேன். முதலில் 'ஹாய் சார், எப்படி இருக்கீங்க' என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம் என்றார். வேண்டாம். பாதிப் பேர் அதற்குப் பதில் போட மாட்டார்கள், கடன் கேட்கப் போகிறான் என்று நினைப்பார்கள். ஒரே செய்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் இப்படி வந்தது:

"வணக்கம் சார். 2021 ஜூலையிலிருந்து 2024 ஜூன் வரை உங்கள் ஷிப்டில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். முதல் பதினெட்டு மாதம் காண்ட்ராக்ட், 2023 ஜனவரியிலிருந்து கம்பெனி ரோல். போர் சைஸ் பிரச்சினை வந்தபோது கேஜ் தேய்ந்திருப்பதை உங்களிடம் வந்து சொன்னது நான்தான். இப்போது ஓசூரில் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு முயற்சி செய்கிறேன். உங்களை ரெஃபரன்ஸாகக் கொடுக்கலாமா சார்? போனில் ஐந்து, பத்து நிமிடம் விசாரிப்பார்கள். சரி என்றால் எந்த நம்பர், எந்த நேரம் வசதி என்று சொல்லுங்கள். கம்பெனி விதி இடம் கொடுக்காது என்றாலோ, விருப்பம் இல்லை என்றாலோ தயங்காமல் சொல்லுங்கள் சார், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்."

மேலே உங்கள் பெயரைப் போடுங்கள். பலர் அதையே மறக்கிறார்கள். நம்பர் மாறியிருந்தால் அவருக்கு நீங்கள் யாரோ ஒருவர்தான்.

கடைசி வரியை அந்தப் பையன் வெட்டிவிடப் பார்த்தார். "முடியாதுன்னு சொல்ல நாமே வழி காட்டுற மாதிரி இருக்கே மேடம்" என்றார். வழி காட்டத்தான் வேண்டும். அரை மனதோடு ஒத்துக்கொள்கிறவர் எங்களிடம் பேசும்போது இழுப்பார். "அவரா... ம்... பரவாயில்லை" என்பார். அந்த 'ம்...' எனக்குக் கேட்கும். விருப்பம் இல்லாதவர் உங்களிடமே சொல்லி விலகிவிடுவது உங்களுக்கு நல்லது. சில கம்பெனிகளில் மேனேஜர்கள் பேசவே கூடாது, சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் எச்.ஆர் மட்டும்தான் உறுதி செய்வார்கள். அதுவும் இந்த வரியால்தான் முன்கூட்டியே தெரியவரும்.

அன்று மாலையே பதில் வந்துவிட்டது. "தாராளமா குடுப்பா. சாயங்காலம் நாலு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லு." வேறொரு கம்பெனிக்கு அந்த நம்பரைத்தான் இப்போது கொடுத்திருக்கிறார்.

இனி சில விஷயங்கள், தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கம் மேனேஜர்களில் கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுகிறவர்களும் நிறைய. லைனில் அவரோடு எந்த மொழியில் பேசினீர்களோ அதில் எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு எளிய ஆங்கிலம் போதும். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். தேதிகளை அவர் திரும்பத் தேடிப் பார்க்க முடியாது.

பதில் வரவில்லை என்றால் இரண்டு, மூன்று நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அப்புறமும் மௌனம் என்றால் அது சம்மதம் இல்லை. லைன் சூப்பர்வைசர், வேறு ஷிப்ட் இன்சார்ஜ் என்று உங்கள் வேலையை நேரில் பார்த்த இன்னொருவரைக் கேளுங்கள். சண்டை போட்டுக்கொண்டு வந்த மேனேஜர் என்றால் அவர் பெயரைக் கொடுக்காதீர்கள். அதை நேர்காணலிலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள். நாங்களும் மனிதர்கள்தான், புரிந்துகொள்வோம்.

அவர் சரி என்று சொன்ன பிறகும் நம்பரை ரெஸ்யூமில் அச்சடிக்காதீர்கள். அந்த ரெஸ்யூமை வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்றுவீர்கள், யார் யாரோ இறக்கிக்கொள்வார்கள், அப்புறம் அந்த மனிதருக்கு கன்சல்டன்சிகளிடமிருந்து ஓயாமல் அழைப்பு வரும். எச்.ஆர் கேட்கும்போது தனியாகக் கொடுங்கள். கொடுத்த அன்றே அவருக்கு, "இந்த வாரம் இன்ன கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள் சார்" என்று ஒரு வரி போடுங்கள். தெரியாத நம்பரை இப்போது யாரும் எடுப்பதில்லை.

ஒரு முறை வாங்கிய அனுமதி அந்த முயற்சிக்கு மட்டும். அடுத்த வருடம் வேறு வேலை தேடினால் மறுபடி கேளுங்கள், இதற்குள் அவரே கம்பெனி மாறியிருக்கலாம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். "நம்ம பையன் சேர்ந்துட்டானா மேடம்?" என்று என்னிடம் திரும்பக் கூப்பிட்டுக் கேட்ட மேனேஜர்கள் உண்டு. அதை அவர் என்னிடம் கேட்கும்படி விடாதீர்கள்.